பங்கு வெளியீட்டுச் செலவை எங்கே எழுதுவது? ஒரு மாங்கூழ் ஆலையின் கணக்கு

கேள்வி: கிருஷ்ணகிரி அருகே எங்கள் குடும்பத்துக்கு மாங்கூழ் ஆலை இருக்கிறது. கூழைக் கிருமியின்றி அடைக்கும் புதிய அசெப்டிக் பிரிவு அமைக்க 20 கோடி ரூபாய் வேண்டும். 12 கோடியைப் பங்குச்சந்தையில் சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான எஸ்எம்இ தளத்தில் பங்கு வெளியிட்டும், 8 கோடியை வங்கிக் கடனாகவும் திரட்ட எண்ணம். வெளியீட்டுச் செலவை மூலதன அடக்க விகிதத்தில் ஏற்ற வேண்டும் என்கிறார் ஆடிட்டர். திட்ட அறிக்கை எழுதுபவர் அதை முதலீட்டுத் தொகையில் சேர்த்திருக்கிறார். எது சரி? முடிவு மாறுமா?

பதில்:

திட்ட அறிக்கை எழுதியவர் சொல்வதே சரி. உங்கள் அளவிலான திட்டத்தில் முடிவும் மாறலாம். சொல்லப்போனால், கீழே போடப்போகும் கணக்கில் ஒரு முறை "செய்யலாம்" என்கிறது, மற்றது "வேண்டாம்" என்கிறது. மூலதன அடக்க விகிதம் என்பது தொழிலுக்குப் பணம் தந்தவர்கள் ஆண்டுக்கு எதிர்பார்க்கும் வருவாய் விகிதம். உங்கள் ஆடிட்டர் தானாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. வணிகவியல் பாடப் புத்தகங்களில் பல ஆண்டுகளாக இருக்கும் முறையைத்தான் சொல்கிறார். ஈவுத்தொகையைப் பங்கின் விலையால் வகுக்கும்போது, முழு விலைக்குப் பதிலாக வெளியீட்டுச் செலவு போகக் கைக்கு வரும் விலையால் வகுப்பது அந்த முறை. கீழே உள்ள எண் சிறுத்தால் விகிதம் உயரும். 18 சதவீதம் 20 ஆகும். அந்த உயர்ந்த விகிதத்தில் திட்டத்தின் வருங்கால வரவுகளை இன்றைய மதிப்புக்குக் குறைத்துப் பார்ப்பார்கள்.

இதில் என்ன கோளாறு என்பதைக் கடனையெல்லாம் ஒதுக்கிவிட்டுச் சிறிய எண்களில் பார்ப்போம். 100 லட்சம் ரூபாய்க்குப் பங்கு விற்கிறீர்கள். செலவு 10 லட்சம். கையில் நிற்பது 90 லட்சம், அதைத்தான் தொழிலில் போட முடியும். ஆனால் பங்கு வாங்கியவர் கொடுத்தது 100 லட்சம். அவர் எதிர்பார்க்கும் 18 சதவீதமும் அந்த 100 லட்சத்தின் மீதுதான். ஆகவே ஆண்டுக்கு 18 லட்சம் வந்தாக வேண்டும். 90 லட்சத்தில் 18 லட்சம் என்றால் 20 சதவீதம். இந்த இடம் வரைக்கும் ஆடிட்டரின் கணக்கு அப்பழுக்கில்லாதது.

ஆனால் அந்த 18 லட்சம் முடிவே இல்லாமல் ஆண்டுதோறும் வந்துகொண்டிருக்கும் என்று நாம் சொல்லாமலே எடுத்துக்கொண்டோம். மாங்கூழ் இயந்திரம் அப்படி வராது. பத்து ஆண்டு ஓடும் என்று வையுங்கள். 100 லட்சத்தை 18 சதவீத வருவாயோடு பத்தே ஆண்டில் திருப்ப வேண்டுமானால் ஆண்டுக்கு 22.25 லட்சம் தேவை. உயர்த்திய விகிதத்தின் வழியில், 90 லட்சத்தை 20 சதவீதத்தோடு பத்து ஆண்டில் திருப்ப 21.47 லட்சம் போதும் என்று விடை வருகிறது. ஆண்டுக்கு 78 ஆயிரம் ரூபாய் துண்டு விழுகிறது. மூன்றே ஆண்டு ஓடும் திட்டமாக இருந்தால் தேவை 45.99 லட்சம், விகித முறை கேட்பது 42.73 லட்சம். அங்கே ஆண்டுக்கு மூன்று லட்சத்துக்கு மேல் குறைகிறது.

காரணம் எளிது. வெளியீட்டுச் செலவு ஒரே நாளில் கையை விட்டுப் போகும் தொகை. விகிதத்தில் ஏற்றினால் அதை ஆண்டுக்கு இவ்வளவு என்று தவணையாக வசூலிக்கிறோம். பணம் என்றென்றும் தொழிலிலேயே இருந்தால்தான் அந்தத் தவணைகள் முழுத் தொகையையும் மீட்கும். திட்டம் பாதியில் முடிந்தால் தவணையும் நின்றுவிடும், மீதி யார் தலையிலும் எழுதப்படாமல் காணாமல் போகும். விகிதத்தில் ஏற்றுவது எப்போதும் திட்டத்தின் மீது அதிகச் சுமையை வைக்கும் என்று பலர் நம்புகிறார்கள். ஆயுள் குறைந்த திட்டத்தில் நடப்பது நேர்மாறு. சுமை குறைந்து, தகுதியில்லாத திட்டமும் தேறிவிடுகிறது.

இப்போது உங்கள் ஆலைக்கு வருகிறேன். நீங்கள் முழு விவரம் தராததால் சில எண்களை நானே வைத்துக்கொள்கிறேன். உங்கள் எண்களை அந்த இடங்களில் போட்டுப் பாருங்கள்.

முதலில் செலவு எவ்வளவு என்பது. இதைப் "பத்து சதவீதம்" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டுப் போவது வழக்கம். எனக்கு அது பிடிக்காது. செலவில் பெரும்பகுதி, எவ்வளவு திரட்டினாலும் மாறாதது. மெர்ச்சன்ட் பேங்கர் கட்டணம் 40 லட்சம், வழக்கறிஞரும் கணக்குகளைத் திருத்தி அமைக்கும் ஆடிட்டரும் சேர்ந்து 18 லட்சம், அச்சும் விளம்பரமும் 16 லட்சம், சந்தை, டெபாசிட்டரி, பதிவாளர், கம்பெனிப் பதிவகம் எல்லாம் சேர்த்து 10 லட்சம் என்று வைப்போம். மொத்தம் 84 லட்சம். ஜிஎஸ்டியை இதற்குள்ளேயே சேர்த்திருக்கிறேன். பங்கு வெளியீட்டுக்குக் கட்டிய ஜிஎஸ்டியை உள்ளீட்டு வரவாகத் திரும்பப் பெறலாம் என்று நம்பிக் கணக்குப் போடுவது ஆபத்து. கிடைத்தால் லாபம் என்று விட்டுவிடுங்கள்.

இதற்கு மேல், திரட்டும் தொகையைப் பொறுத்து ஏறும் செலவு உண்டு. எஸ்எம்இ வெளியீடு முழுவதற்கும், விற்காத பங்கைத் தாமே வாங்கிக்கொள்வதாக ஒருவர் தரும் ஒப்புறுதி இருக்க வேண்டும் என்பது செபி விதி. அதில் குறைந்தது 15 சதவீதத்தை மெர்ச்சன்ட் பேங்கர் தன் கணக்கிலேயே ஏற்க வேண்டும். அந்த ஒப்புறுதிக் கழிவும் தரகும் சேர்ந்து 4 சதவீதம் என்று வைப்போம். அப்படியானால் கையில் 12 கோடி நிற்க எவ்வளவுக்குப் பங்கு விற்க வேண்டும்?

```
G = (N + F) / (1 - v)
G = (12 + 0.84) / (1 - 0.04) = 13.375
```

இதில் G திரட்ட வேண்டிய மொத்தம், N கையில் வேண்டிய தொகை, F மாறாச் செலவு, v மாறும் செலவின் விகிதம். எல்லாம் கோடி ரூபாயில். 13.375 கோடிக்குப் பங்கு விற்றால்தான் 12 கோடி கையில் நிற்கும். செலவு 1.375 கோடி, அதாவது திரட்டியதில் 10.28 சதவீதம். பலர் 12 கோடியின் மேல் சதவீதத்தைப் போட்டுக் கூட்டிவிட்டு, கடைசியில் இயந்திரத்தின் இறுதித் தவணைக்கு ஓடுவார்கள். சதவீதம் மொத்தத்தின் மேல் வரும், நிகரத்தின் மேல் அல்ல.

இதே ஆலை 24 கோடி திரட்டியிருந்தால் செலவு 1.875 கோடிதான் ஆகும். 7.25 சதவீதம். மாறாச் செலவு இருக்கும் வரை "வெளியீட்டுச் செலவு விகிதம்" என்று ஒரு நிலையான எண் கிடையாது. வெளியீட்டின் அளவு மாறினால் அதுவும் மாறும். விகிதத்தில் ஏற்றும் முறையைத் தவிர்க்க இதுவே எனக்குப் போதுமான காரணம். தொகையாக எழுதுபவருக்கு இந்தச் சிக்கலே வராது.

கடனுக்கு வங்கியின் பரிசீலனைக் கட்டணம், அடமானப் பத்திரச் செலவு எல்லாம் சேர்த்து ஒரு சதவீதம், 8 லட்சம். ஆக மொத்த முதலீடு 20 + 1.375 + 0.08 = 21.455 கோடி.

வருமான வரியில் கொஞ்சம் திரும்ப வரும். பங்கு வெளியீட்டுச் செலவு மூலதன இயல்புடையது, அந்த ஆண்டின் வருமானத்தில் கழிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1997இல் புரூக் பாண்ட் வழக்கில் சொல்லிவிட்டது. கடன் பெறும் செலவு அப்படியல்ல, கழிக்கலாம் என்பது 1966ஆம் ஆண்டின் இந்தியா சிமெண்ட்ஸ் தீர்ப்பு. ஆனால் 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் 35டி பிரிவு, தொழிலை விரிவாக்கவோ புதிய பிரிவு தொடங்கவோ பொதுமக்களிடம் பங்கு விற்றால் ஒப்புறுதிக் கழிவு, தரகு, தகவலறிக்கையை வரைவது, அச்சிடுவது, விளம்பரம் செய்வது ஆகியவற்றை ஐந்து ஆண்டுகளில் சம பங்காகக் கழிக்க விடுகிறது. திட்டச் செலவில் 5 சதவீதம் உச்சவரம்பு. உங்கள் 20 கோடியில் 18 கோடி நிலையான சொத்து என்றால் வரம்பு 90 லட்சம். புதிய வருமான வரிச் சட்டத்தில் பிரிவு எண்கள் மாறுகின்றன, ஆடிட்டரிடம் அதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் செலவில் இதற்குள் தெளிவாக வருவது ஒப்புறுதியும் தரகும் 53.5 லட்சம், அச்சும் விளம்பரமும் 16 லட்சம், தகவலறிக்கை வரைவுக்கான பங்கு ஒரு பத்தரை லட்சம். சேர்த்து 80 லட்சம். மெர்ச்சன்ட் பேங்கர் கட்டணத்தையும் சிலர் கோருவார்கள். வாதத்துக்கு உரியதைத் திட்டக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்பது என் வழக்கம். ஆண்டுக்கு 16 லட்சம் கழிவு, 25.17 சதவீத வரியில் மிச்சம் சுமார் 4.03 லட்சம். ஐந்து ஆண்டு மிச்சத்தின் தற்போதைய மதிப்பு, 14 சதவீதத்தில், 13.8 லட்சம். செலவைத் தொகையாக எழுதினால் இந்த வரி மிச்சத்தையும் அது வரும் ஆண்டில் வைத்துக் கழிக்க முடிகிறது. விகிதத்துக்குள் புகுத்திவிட்டால் இதை எந்த இடத்தில் வைப்பது?

அந்த 14 சதவீதம் எங்கிருந்து வந்தது என்றால்: பங்குதாரர் எதிர்பார்ப்பது 18, அதில் 60 சதவீதம். கடன் வட்டி 10.5, வரிச் சலுகைக்குப் பின் 7.86, அதில் 40 சதவீதம். இரண்டும் சேர்ந்து 13.94. அதை 14 என்று எடுத்துக்கொள்கிறேன். அசெப்டிக் பிரிவு வரிக்குப் பின் ஆண்டுக்கு 4.05 கோடி ரொக்கம் தருகிறது, பத்து ஆண்டு ஓடுகிறது, கடைசியில் பழைய இரும்பு விலையைப் பொருட்படுத்தவில்லை என்று வைப்போம். 14 சதவீதத்தில் அந்த வரவுகளின் தற்போதைய மதிப்பு 21.125 கோடி.

வெளியீட்டுச் செலவையே பார்க்காதவருக்கு 20 கோடி போட்டு 1.125 கோடி மிச்சம். கொண்டாட்டம்தான்.

ஆடிட்டர் முறையில் பங்கின் அடக்கம் 18-லிருந்து 20.06 ஆகிறது. கடனுக்கும் கொஞ்சம் ஏற்றினால் மொத்த விகிதம் 15.21. அந்த விகிதத்தில் வரவுகளின் மதிப்பு 20.16 கோடி. முதலீடு 20 கோடி. 16 லட்சம் மிச்சம், ஆகவே செய்யலாம்.

முதலீட்டில் சேர்க்கும் முறையில் 21.455 கோடியிலிருந்து வரி மிச்சம் 13.8 லட்சத்தைக் கழித்தால் 21.317 கோடி. வரவின் மதிப்பு 21.125 கோடி. 19 லட்சம் குறைகிறது. இப்படிச் செய்ய வேண்டாம் என்பது விடை.

இரண்டு விடைகளுக்கும் இடையே 35 லட்சம் ரூபாய். இயந்திரமும் மாம்பழமும் ஒன்றுதான், வங்கியும் ஒன்றுதான். செலவை எழுதிய இடம் மட்டுமே வேறு.

விகித முறைக்கு இன்னொரு தீங்கு உண்டு, அது அடுத்த ஆண்டில்தான் தெரியும். 15.2 என்ற எண் ஒருமுறை கோப்பில் ஏறிவிட்டால் இறங்காது. அடுத்த ஆண்டு ஆலையின் சொந்த லாபத்திலிருந்து 2 கோடி போட்டு, எரிபொருள் குறைவாகக் கேட்கும் கொதிகலன் வாங்க நினைக்கிறீர்கள். ஆண்டுக்கு 44 லட்சம் மிச்சம், எட்டு ஆண்டு ஆயுள். 14 சதவீதத்தில் பார்த்தால் 4 லட்சம் லாபம். 15.2 சதவீதத்தில் பார்த்தால் 4 லட்சம் நட்டம். கொதிகலனுக்காக யாரும் ஒரு பங்கும் வெளியிடவில்லை. அது ஏன் அந்தச் செலவைச் சுமக்க வேண்டும்? ஆக, அசெப்டிக் பிரிவிடம் குறைவாக வாங்கிய அதே விகிதம், தொடர்பே இல்லாத கொதிகலனிடம் வசூலுக்குப் போகிறது. இரண்டு பிழைகளும் ஒன்றையொன்று சரிக்கட்டிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அப்படி நடந்தால் அது தற்செயல்.

உங்களைப் போன்ற கம்பெனிக்கு ஆடிட்டரின் ஈவுத்தொகைச் சூத்திரம் பொருந்தாமல் போவதற்கு இன்னொரு காரணமும் சொல்கிறேன். அதன் முழு வடிவத்தில் வெளியீட்டுச் செலவு ஈவுத்தொகைப் பகுதியை மட்டுமே உயர்த்தும், வளர்ச்சிப் பகுதியைத் தொடாது. நான் மேலே வளர்ச்சியே இல்லை என்று எடுத்துக்கொண்டதால்தான் 18 முழுவதும் 20.06 ஆனது. பங்குதாரர் எதிர்பார்க்கும் 18இல் ஈவுத்தொகை 1 சதவீதமும் வளர்ச்சி 17 சதவீதமும் என்றால், 10.28 சதவீதச் செலவு விகிதத்தை 18.11 ஆக மட்டுமே உயர்த்தும். ஈவுத்தொகையே தராத கம்பெனிக்குச் சுத்தமாக ஒன்றுமில்லை. ஒன்றேகால் கோடிக்கு மேல் செலவழித்துவிட்டு, ஈவுத்தொகை தராததால் செலவே இல்லை என்று சொல்லும் சூத்திரத்தை வைத்து என்ன செய்வது? சந்தை அபாயத்தை வைத்து 18 சதவீதத்தைக் கணித்திருந்தால், அந்தக் கணிப்பில் வெளியீட்டுச் செலவை நுழைக்க வாசலே கிடையாது.

ஆடிட்டர் தரப்பில் ஒரு நியாயம் இருக்கிறது, அதையும் சொல்லிவிட வேண்டும். பங்கு முதல் நிரந்தரமானது. பத்து ஆண்டில் அசெப்டிக் இயந்திரம் தேய்ந்துபோனாலும், மீண்டு வந்த பணம் இன்னொரு திட்டத்துக்குப் போகும், அதற்கு மீண்டும் வெளியீட்டுச் செலவு ஆகாது. அப்படியிருக்க முழுச் செலவையும் முதல் திட்டத்தின் தலையில் கட்டுவது கடுமை இல்லையா? இரண்டாவது திட்டம் இன்னதென்று இப்போதே தெரியும் என்றால் இரண்டையும் சேர்த்து ஒரே கணக்காகப் போடுங்கள், செலவை ஒருமுறை எழுதுங்கள். அது முறையானது. இரண்டாவது திட்டம் வெறும் நம்பிக்கை என்றால், வராத திட்டத்தின் மீது இன்றைய செலவில் பாதியை எழுதக் கூடாது. பட்டியலிடப்பட்ட பிறகு அடுத்த முறை பணம் திரட்டுவது எளிதாகும் என்பதும் உண்மையான பயன்தான். அதற்கு ஒரு தொகையைத் தனி வரியில் எழுதி இயக்குநர் குழுவிடம் காட்டுங்கள். விகிதத்துக்குள் ஒளித்து வைக்காதீர்கள்.

கடனில் மட்டும் விகித முறைக்கு நான் எதிரி அல்ல. கடனுக்குத் தவணையும் முடிவு நாளும் எழுத்தில் இருக்கின்றன. 8 லட்சம் கட்டணத்தை அந்த ஆண்டுகளின் மேல் பரப்பினால் மெய்யான வட்டி துல்லியமாகக் கிடைக்கும். இந்தியக் கணக்கியல் தரம் 109 கேட்பதும் அதைத்தான். இரண்டு வங்கிகளின் கடனை ஒப்பிட அதைவிட நல்ல வழி இல்லை. ஆனால் அந்த 8 லட்சத்தை முதலீட்டிலும் எழுதி, வட்டியிலும் ஏற்றினால் இரட்டைச் சுமை.

இந்த இரட்டைச் சுமையைத்தான் திட்ட அறிக்கைகளில் அடிக்கடி பார்க்கிறேன். கண்டுபிடிப்பது சுலபம். திட்டச் செலவு அட்டவணையில் பூர்வாங்கச் செலவு, பங்கு வெளியீட்டுச் செலவு என்று ஒரு வரி இருக்கிறதா பாருங்கள். பிறகு, மூலதன அடக்கக் கணக்கில் பங்கு விலையிலிருந்து எதையாவது கழித்திருக்கிறார்களா பாருங்கள். இரண்டும் இருந்தால் ஒன்றை அடித்துவிடுங்கள். உங்களிடம் திட்ட அறிக்கை ஒருவரும் அடக்க விகிதம் ஒருவரும் தயாரிப்பதால், இருவரும் ஒருவரையொருவர் கேட்காமல் இப்படி ஆகும் வாய்ப்பு மிக அதிகம். அந்த அட்டவணைக்கு அடுத்த பக்கத்தில் இன்னொன்றையும் பாருங்கள்: வெளியீட்டுச் செலவையும் இயந்திர விலையோடு சேர்த்துத் தேய்மானம் போட்டிருப்பார்கள். அது சொத்தே அல்ல. கம்பெனிச் சட்டத்தின் 52ஆவது பிரிவு அதை, முகமதிப்புக்கு மேல் வாங்கிய பணம் நிற்கும் பங்கு முனைமக் கணக்கில் எழுதித் தீர்க்க அனுமதிக்கிறது, பெரும்பாலோர் அப்படியே செய்கிறார்கள். அதனால் லாப நட்டக் கணக்கில் அது தலைகாட்டாது. தலைகாட்டாததைச் செலவே இல்லை என்று நினைக்கும் முதலாளிகளும் உண்டு.

வெளியீட்டுச் செலவு என்ற பெயரில் எதையெல்லாம் சேர்க்கக் கூடாது என்பதும் முக்கியம். கணக்குகளைத் திருத்தி அமைக்க ஏற்கெனவே 9 லட்சம் கொடுத்துவிட்டீர்கள் என்றால், இன்று எடுக்கும் முடிவில் அதற்கு இடமில்லை. வெளியீட்டைக் கைவிட்டாலும் அது திரும்பி வராது. அதை நீக்கினால் மேலே வந்த குறை 19 லட்சத்திலிருந்து சுமார் 10 லட்சமாகிறது, முடிவு மாறவில்லை. சந்தையில் உங்கள் பங்கை வாங்கி விற்றுக் கொடுக்க மூன்று ஆண்டுக்கு ஒருவரை அமர்த்த வேண்டும், ஆண்டுதோறும் பட்டியல் கட்டணம் உண்டு, கம்பெனிச் செயலாளர் சம்பளம் உண்டு. இவை ஆண்டுச் செலவுகள். இந்தத் திட்டத்துக்காகவே பட்டியலிடுகிறீர்கள் என்பதால் ஆண்டு ரொக்க வரவிலிருந்து கழிக்க வேண்டும். நான் வைத்த 4.05 கோடி அவற்றைக் கழித்த பிறகு நிற்பது என்று கொள்ளுங்கள்.

குடும்பத்தில் பெரியவர் யாராவது இதே வெளியீட்டில் தன் பங்கையும் விற்கிறாரா? அப்படியானால் அவர் பங்குக்கு உரிய செலவைக் கம்பெனி சுமக்கக் கூடாது. கம்பெனிச் சட்டத்தின் 28ஆவது பிரிவு, பங்கை விற்கும் உறுப்பினர் செலவைத் திருப்பித் தர வேண்டும் என்கிறது. பெரியப்பா, சித்தப்பா என்று தயங்காமல் ஆரம்பத்திலேயே எழுதி வாங்கிவிடுங்கள்.

100 ரூபாய் பெறுமான பங்கை 85 ரூபாய்க்கு விற்பது வேறு விஷயம். அந்த 15 ரூபாய் யாருக்கும் காசோலையாகப் போகவில்லை, ஆகவே 21.455 கோடியில் அது வராது. ஆனால் பழைய பங்குதாரர்களான உங்கள் குடும்பத்தின் சொத்திலிருந்து புதியவர்களுக்குப் போகிறது. திட்டம் நல்லதா என்பது ஒரு கணக்கு, குடும்பத்துக்கு மிஞ்சுவது எவ்வளவு என்பது இன்னொரு கணக்கு. இரண்டாவதில் இதை எழுதுங்கள்.

உங்கள் தகவலறிக்கை தயாராகும்போது, வெளியீட்டின் நோக்கங்கள் என்ற பகுதியைப் புரட்டிப் பாருங்கள். திரட்டும் மொத்தத் தொகை, அதில் வெளியீட்டுச் செலவு கழிவு, மீதி நிகரத் தொகை, அந்த நிகரம் எதற்கெல்லாம் போகிறது என்று வரிசையாக இருக்கும். செலவை முதல் நாளில் போகும் பணமாகவே அங்கே காட்டுகிறார்கள். முதலீட்டாளரிடம் காட்டும் கணக்கும் நீங்கள் முடிவெடுக்கப் போடும் கணக்கும் ஒரே வடிவில் இருப்பது நல்லது.

நம் பகுதிக்கே உரிய ஒன்று இருக்கிறது, அது இந்த 1.375 கோடியைவிடப் பெரியது. பெங்களூரா மாம்பழம் ஆலைக்கு வருவது ஏறத்தாழ மே முதல் ஜூலை வரைதான். இயந்திரத்துக்குப் பணம் கட்டி இறக்கிவிட்டு, பங்குப் பணம் தாமதமானதால் குழாய் இணைப்பும் மின் இணைப்பும் ஆகஸ்டில் முடிந்தால், ஒரு பருவம் போயிற்று. பத்து ஆண்டு வரவும் ஓராண்டு தள்ளிப்போகிறது. 21.125 கோடி 18.53 கோடியாகிறது. 2.59 கோடி இழப்பு. முதலீடும் சேர்ந்து தள்ளிப்போனால் இழப்பு இவ்வளவு வராது. பணத்தைப் போட்டுவிட்டுக் காத்திருப்பதுதான் கொல்லும். ஆகவே பங்குப் பணம் கைக்கு வருவது உறுதியாகும் முன் இயந்திரத்துக்குப் பெரிய முன்பணம் கட்டாதீர்கள்.

இனி, 19 லட்சம் குறைகிறது என்பதால் அசெப்டிக் பிரிவே வேண்டாம் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். திட்டம் தன்னளவில் 1.125 கோடி தருகிறது. பணம் வரும் வழிதான் அதைவிட அதிகம் கேட்கிறது. செலவைத் தொகையாக எழுதியதால் இது கண்ணுக்குத் தெரிகிறது. அப்படியானால் வேறு வழியையும் அதே கணக்கில் வைத்துப் பார்க்கலாம். சட்டம் ஒரு நிதியாண்டில் 200 பேர் வரை தனிப்பட்ட முறையில் பங்கு ஒதுக்க அனுமதிக்கிறது. ஓசூர், பெங்களூரு, சேலம் பக்கம் தெரிந்த முதலீட்டாளர்களிடம் அப்படி 12 கோடி திரட்ட 15 லட்சம் செலவாகும் என்று வைத்தால், மொத்த முதலீடு 20.23 கோடி, மிச்சம் சுமார் 90 லட்சம்.

ஆனால் அவர்கள் சும்மா தர மாட்டார்கள். நினைத்த நாளில் சந்தையில் விற்க முடியாத பங்கு என்பதால் 18க்குப் பதில் 20 சதவீதம் எதிர்பார்க்கலாம். அது உண்மையிலேயே விகிதத்தில் ஏற வேண்டியது. ஏனென்றால் ஒவ்வோர் ஆண்டும், பணம் உள்ளே இருக்கும் வரை, அவர்கள் கேட்பது அது. மொத்த அடக்கம் 15.14 ஆகிறது, வரவின் மதிப்பு 20.22 கோடி, முதலீடு 20.23 கோடி. ஏறக்குறைய சமம். எனவே ஆடிட்டரையும் திட்ட அறிக்கை எழுதுபவரையும் ஒரே மேசையில் உட்கார வைத்து, வெளியீட்டுச் செலவைத் தொகையாக எழுதி முடித்த பிறகு, தனிப்பட்ட முதலீட்டாளர்கள் 18 கேட்கிறார்களா 20 கேட்கிறார்களா என்று விசாரிக்கச் சொல்லுங்கள். 19 சதவீதத்துக்கு இசைந்தால்கூட உங்களுக்கு 40 லட்சத்துக்கு மேல் நிற்கும்.